சட்டையை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்க: முதலைச் சட்டையும் அறுபது பீஸ் லாட்டும்

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோட்ல துணியோட ஜி.எஸ்.எம். பத்திப் பேசினதுக்கு நிறைய பேர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தீங்க. அதுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "பிராண்டட் சட்டைன்னு குடுக்கிறாங்க, ஒரிஜினலா டூப்ளிகேட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?" கேள்வி அனுப்பினவங்க கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் பக்கம்தான் அதிகம். ஆச்சரியமில்லை. நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவுல இருக்காங்க. ஊருக்கு வரும்போது பெட்டியில ரெண்டு முதலைச் சட்டை, அக்காவுக்கு ஒரு ஹேண்ட்பேக் இல்லாம வர்றதில்லை. இந்தப் பக்கம் குற்றாலம் சீசன் ஆரம்பிச்சா ரோட்டோரக் கடையில அதே முதலை இருநூறு ரூபாய்க்குத் தொங்கும். இருநூறு ரூபாய் சட்டையைப் பத்தி நான் பேசப் போறதில்லை. வாங்குறவருக்கும் தெரியும், விக்கிறவருக்கும் தெரியும். சிக்கல் நடுவுல இருக்கிற சட்டையிலதான். ஒரிஜினல் மாதிரியே டேக், கவர் எல்லாத்தோடயும் வந்து, "இது எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்"னு ஒரு கதையோட வர்ற சட்டை.

நான் திருப்பூர்ல பதினொரு வருஷம் செக்கிங்ல இருந்தவன். பனியன் கம்பெனியில செக்கிங்னா தைச்சு வர்ற ஒவ்வொரு பீஸையும் மேஜையில விரிச்சு, திருப்பி, பிசிறு, ஓட்டை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குற வேலை. இப்போ புளியங்குடியில சின்னதா ஆல்டரேஷன் கடை வச்சிருக்கேன். அதனால ஊர்ல யாருக்காவது சட்டையில சந்தேகம் வந்தா என் மேஜைக்கு வரும். போன தீபாவளிக்கு முன்னால அப்படி வந்த ஒரு லாட்டை வச்சே இன்னைக்கு முழுக்கப் பேசலாம்னு இருக்கேன்.

வந்த லாட்

நம்ம பஜார்ல ரெடிமேட் கடை வச்சிருக்கிற அண்ணாச்சி ஒருத்தர். பேர் வேண்டாம். திருப்பூர்லேர்ந்து ஒரு ஆள் போன் பண்ணியிருக்கார். லக்கோஸ்ட் போலோ டி-ஷர்ட், அறுபது பீஸ், ஒண்ணு 380 ரூபாய், மொத்தம் 22,800. "எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் அண்ணாச்சி, கம்பெனியிலயே எடுத்தது. நீங்க 1,200-க்கு வித்தாலும் பறந்துடும்"னு சொல்லியிருக்கார். அண்ணாச்சி வட்டிக்கு வாங்கித்தான் தீபாவளிச் சரக்கு எடுக்கிறவர். பணம் அனுப்புறதுக்கு முன்னாடி மாதிரிக்குப் பத்து பீஸ் வரவழைச்சு என்கிட்ட கொண்டு வந்தார். "தம்பி, நீ பார்த்துச் சொல்லு, நான் எடுக்கட்டுமா?"

நான் சட்டையைத் தொடுறதுக்கு முன்னாடி கேட்டது, "அண்ணாச்சி, மீதி ஐம்பதும் என்னென்ன சைஸ்?" அவர் வாட்ஸ்அப்ல வந்த லிஸ்டைக் காட்டினார். எஸ், எம், எல், எக்ஸ்.எல். ஒவ்வொண்ணுலயும் பதினஞ்சு. கலர் அஞ்சு, எல்லாச் சைஸ்லயும் ஒவ்வொரு கலருக்கும் மூணு. கணக்கு அவ்வளவு அழகா இருந்தது.

எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துடுச்சு. ஏன்னு சொல்றேன்.

திருப்பூர்ல சர்ப்ளஸ்ங்கிறது நிஜமாவே உண்டு. காதர்பேட்டை வீதியில போனீங்கன்னா அதுக்குன்னே வரிசையா மொத்தக் கடைங்க இருக்கு. ஆனா சர்ப்ளஸ் எப்படி உருவாகுது? ஆயிரம் பீஸ் ஆர்டர்னா சேதாரத்துக்குன்னு கொஞ்சம் சேர்த்து வெட்டுவாங்க. அதுல மிஞ்சினது, செக்கிங்ல ஒதுக்கினது, சாயம் ஷேடு மாறினது, ஷிப்மென்ட் தேதி தாண்டினதால பையர் வேண்டாம்னு சொன்னது. இதெல்லாம் சேர்ந்துதான் சர்ப்ளஸ். அது எப்பவும் உடைஞ்ச கணக்காத்தான் வரும். எக்ஸ்.எல். முப்பது இருக்கும், எம் ரெண்டுதான் இருக்கும். ஒரு கலர் குவிஞ்சு கிடக்கும், இன்னொண்ணு இருக்கவே இருக்காது. எல்லாச் சைஸும் எல்லாக் கலரும் சமமா வருதுன்னா அது மிஞ்சினது இல்லை. விக்கிறதுக்குன்னே வெட்டித் தைச்சது.

இன்னொண்ணு. ரிஜெக்ட்னா குறை எங்கே? பத்து பீஸையும் விரிச்சேன். ஒதுக்குற அளவுக்கு ஒரு கறையோ ஓட்டையோ எதுலயும் இல்லை. அப்புறம் டேக். பெரிய பிராண்டுங்க லேபிள், டேக், பேட்ஜ் எல்லாத்தையும் தாங்க சொல்ற இடத்துலதான் வாங்கச் சொல்வாங்க. அதுவும் எண்ணித்தான் வரும். ஆர்டர் முடிஞ்சதும் மிச்சம் எவ்வளவுன்னு கணக்குக் கேட்பாங்க. அதனாலதான் நேர்மையா வெளிய வர்ற சர்ப்ளஸ்ல கழுத்து லேபிளைப் பாதியா வெட்டியிருப்பாங்க, இல்லேன்னா மார்க்கர்ல கோடு போட்டிருப்பாங்க. லேபிள் முழுசா, டேக் முழுசா, பிராண்ட் கவரோட வர்ற "ரிஜெக்ட்"டை நான் நம்புறதில்லை.

சட்டையைத் திறக்காமலே இவ்வளவு தெரிஞ்சுடுச்சு. ஆனா அண்ணாச்சிக்கு இது போதலை. "அது சரி தம்பி, சட்டையில காட்டு"ன்னார். நியாயம்தானே.

முதலையோட பின்பக்கம்

லக்கோஸ்ட்னா ரெனே லக்கோஸ்ட்ங்கிற பிரெஞ்சு டென்னிஸ் வீரர். அவர் 1933-ல ஆந்த்ரே ஜிலியேங்கிற பின்னலாடைக்காரரோட சேர்ந்து தொடங்கின கம்பெனி. அவங்களோட மூலச் சட்டைக்கு எல்.12.12-ன்னு பேர். எல் லக்கோஸ்டுக்கு, 1 அந்த பிக்கே துணிக்கு, 2 அரைக்கைக்கு, 12 கடைசியா முடிவான மாதிரியோட எண். நான் சொல்லப் போறது இந்த கிளாசிக் போலோவுக்குத்தான் முழுசாப் பொருந்தும். விளையாட்டுக்குன்னு வர்ற சில மாடல்கள்ல முதலையை வேற விதமா ஒட்டுவாங்க. அதைப் பார்த்துட்டு டூப்ளிகேட்னு சண்டைக்குப் போயிடாதீங்க.

சட்டையை உள்பக்கமாத் திருப்புங்க. முதலை இருக்கிற இடத்துக்கு நேர் பின்னால பாருங்க. ஒரிஜினல்ல முதலை சட்டைத் துணி மேலேயே எம்பிராய்டரி பண்ணினது கிடையாது. தனியா ஒரு பேட்ஜா நெய்து, வெட்டி, அதோட விளிம்பைச் சுத்தி கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல்ல சட்டையில தைக்கிறாங்க. அதனால உள்பக்கம் முதலையோட வெளிக்கோடு மட்டும் லேசாத் தெரியும். மத்தபடி துணி சுத்தமா இருக்கும்.

அண்ணாச்சி கொண்டு வந்ததுல உள்பக்கம் பச்சை நூலும் வெள்ளை நூலும் குறுக்க நெடுக்க ஓடியிருந்தது. அதுக்கு மேல ஒரு வெள்ளைப் பேப்பர், நாலு ஓரமும் கிழிச்சது. எம்பிராய்டரி போடும்போது துணி சுருங்காம இருக்கப் பின்னால வைக்கிற பேப்பர் அது. அதாவது நேரா நெஞ்சுத் துணி மேலேயே மெஷினை ஓட்டியிருக்காங்க. ஏன் அப்படிப் பண்றாங்கன்னா செலவுதான். வெளிய இருந்து பார்த்தா முதலை முதலையாத்தான் தெரியும். பேட்ஜ் தனியா நெய்து, அதை வளைவு வளைவா விளிம்பு பிடிச்சுத் தைக்க நல்ல கை வேணும், நேரம் வேணும். உள்பக்கத்தை எந்தக் கஸ்டமர் திருப்பிப் பார்க்கப் போறார்?

டூப்ளிகேட் பண்றவங்க கடையில நின்னு பார்க்கிற கண்ணுக்குத்தான் செலவு பண்றாங்க. அந்தக் கண்ணு போகாத இடத்துல மிச்சம் பிடிக்கிறாங்க. என் பதினொரு வருஷத்துல இது மாறி நான் பார்த்ததில்லை. அதனால நான் முன்பக்கத்தை ரொம்ப நேரம் பார்க்கிறதே இல்லை.

முன்பக்கம் பார்க்கிறதா இருந்தா பல்லைப் பாருங்க. ஒரிஜினல் முதலைக்கு வாய் திறந்திருக்கும், உள்ள சிவப்பு, பல் தனித்தனியாத் தெரியும், கால்ல நகம் தெரியும், முதுகுச் செதில் பிரிஞ்சு தெரியும். போலியில இதெல்லாம் ஒண்ணோடொண்ணு குழைஞ்சு, பல்லிக்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கும்.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். முதலை வலப்பக்கம் பார்க்குதா, இடப்பக்கம் பார்க்குதா? லக்கோஸ்ட் முதலை நம்ம பார்வைக்கு வலப்பக்கம் பார்க்கும். இடப்பக்கம் பார்க்கிற முதலை இருந்தா உடனே டூப்ளிகேட்னு முடிவு கட்டிடாதீங்க. அது குரோகடைல்ங்கிற இன்னொரு கம்பெனி, சிங்கப்பூரைச் சேர்ந்தது. அந்தப் பேர்ல நம்ம அவினாசி எஸ்.பி. அப்பேரல்ஸ் குழுமம் லைசென்ஸ் வாங்கி இந்தியாவுல சட்டை வித்திருக்காங்க. உங்க அப்பா பீரோவுலகூட ஒண்ணு இருக்கலாம். அது வேற பிராண்ட், திருட்டுச் சரக்கு இல்லை. இந்த ரெண்டு முதலைக்கும் நடுவுல 2001-லேர்ந்து டெல்லி உயர் நீதிமன்றத்துல வழக்கு நடந்து, 2024 ஆகஸ்ட்ல ஒரு தீர்ப்பு வந்தது. எழுத்து எதுவும் இல்லாம தனி முதலைப் படத்தை மட்டும் குரோகடைல் கம்பெனி பயன்படுத்தக் கூடாதுன்னு தடை போட்டாங்க. லக்கோஸ்ட் கேட்ட எல்லாத்தையும் கோர்ட் ஒத்துக்கலை, அதுவும் உண்மை. ஆக, இடப்பக்கம் பார்க்கிற முதலையோட லக்கோஸ்ட்னு எழுதியிருந்தாத்தான் நீங்க சிரிக்கலாம்.

பட்டன், பட்டி, தையல்

கிளாசிக் போலோவுல முன் பட்டியில ரெண்டே பட்டன். முத்துச்சிப்பியில செய்தது, ரெண்டு ஓட்டை உள்ளது. சிப்பி இயற்கைப் பொருள். அதனால ரெண்டு பட்டனும் ஒரே மாதிரி இருக்காது. ஒண்ணுல மினுக்கம் பச்சைப் பக்கம் சாயும், இன்னொண்ணுல ரோஸ் பக்கம். பின்பக்கம் திருப்பினா சில நேரம் மஞ்சளாவோ வரிவரியாவோ இருக்கும். கன்னத்துல வச்சுப் பார்த்தா சில்லுன்னு இருக்கும், பிளாஸ்டிக் அந்த அளவுக்குக் குளிராது. பிளாஸ்டிக் பட்டன்ல மினுக்கம் எல்லாத்துலயும் ஒரே இடத்துல ஒரே மாதிரி இருக்கும், விளிம்பைச் சுத்தி அச்சோட கோடு நகத்துல தட்டும். அண்ணாச்சி கொண்டு வந்த பத்து சட்டையிலயும் இருபது பட்டன். இருபதும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி.

காஜாவையும் ஒரு தடவை பாருங்க. பட்டனுக்கு ஓட்டை வெட்டுற இடம். உள்பக்கம் நூல் தும்பு தொங்குதா, வெட்டு நேரா இருக்கா? காஜா மெஷின் கத்தி மழுங்கினா மாத்தணும், மாத்தினா வேலை நிக்கும். பீஸ் ரேட்டுக்கு அவசரமா ஓட்டுற இடத்துல மாத்த மாட்டாங்க.

அடுத்தது தையல் எண்ணுறது. இதுக்கு ஒரு ஸ்கேல் போதும். பட்டி ஓரத்துல போற சிங்கர் தையல் மேல ஸ்கேலை வச்சு ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல்னு எண்ணுங்க. நல்ல போலோவுல பத்துலேர்ந்து பன்னிரண்டு வரைக்கும் வரும். இந்த லாட்ல எட்டு. நாலு தையல்ல என்ன குறைஞ்சு போச்சுன்னு கேட்கலாம். மெஷின் ஒரு நிமிஷத்துக்கு அடிக்கிற தையல் எண்ணிக்கை அதேதான். அங்குலத்துக்குப் பன்னிரண்டு போடாம எட்டு போட்டா, அதே நேரத்துல ஒண்ணரை மடங்கு நீளம் தைச்சுடலாம். நூலும் மிச்சம். வாங்கினவருக்கு என்ன ஆகும்னா, ஒரு தையல் அறுந்தா பக்கத்துல இருக்கிற பெரிய தையலும் சேர்ந்து வாய் பிளக்கும்.

ஆனா ஒண்ணு, தையல் எண்ணிக்கையை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க. நம்ம ஊர்லயே பிராண்ட் எதுவும் இல்லாம அங்குலத்துக்குப் பன்னிரண்டு போட்டு அருமையாத் தைக்கிறவங்க இருக்காங்க. நல்ல தையல் இருந்தா ஒரிஜினல்னு அர்த்தமில்லை. மோசமான தையலோட முழு டேக் இருந்தா சந்தேகப்படணும், அவ்வளவுதான்.

பட்டியோட அடிமுனையையும் பாருங்க. பட்டி முடியிற இடத்துல சின்னக் கட்டம் போட்டுத் தைச்சிருப்பாங்க. அதுல நாலு மூலையும் மூலையா இருக்கணும். இந்த லாட்ல ஒரு மூலை வளைஞ்சு, தையல் பட்டிக்கு வெளிய ரெண்டு அடி நடந்து போயிருந்தது. பத்துல ஆறு பீஸ்ல அப்படி. பிராண்டுக்குத் தைக்கிற கம்பெனியில இது என் மேஜையைத் தாண்டியிருக்காது.

துணியில ஒண்ணே ஒண்ணு. ஒரு பீஸை அண்ணாச்சிகிட்ட கேட்டுட்டு நனைச்சு, பிழிஞ்சு, காயப்போட்டேன். சாயங்காலம் பார்த்தா பக்கவாட்டுத் தையல் இடுப்புல இருந்து நகர்ந்து தொப்புள் பக்கமா வந்திருந்தது. திருப்பூர்ல நாங்க துணி முறுக்கிக்கிச்சுன்னு சொல்வோம். பின்னின துணிக்குச் சாயத்துக்கு அப்புறம் சரியா காம்பாக்டிங் பண்ணாம அவசரமா வெட்டினா இப்படி ஆகும். கடையில நின்னு இதைச் சோதிக்க முடியாது. ஆனா வீட்டுல ஏற்கெனவே வாங்கி வச்ச சட்டை ஒவ்வொரு துவைப்புக்கும் திரும்பிக்கிட்டே போகுதுன்னா காரணம் இதுதான்.

லேபிளும் பார்கோடும்

லக்கோஸ்ட் சைஸை எண்ணுல போடுவாங்க. 3 நம்ம ஸ்மால், 4 மீடியம், 5 லார்ஜ், 6 எக்ஸ்.எல். சில லேபிள்ல எண்ணோட எழுத்தும் சேர்ந்து வரும். ஆனா எண்ணே இல்லாம எம்-னு மட்டும் போட்டிருந்தா நான் கீழ வச்சுடுவேன். அண்ணாச்சி லாட்ல எண் இருந்தது. போலி பண்றவங்களும் யூடியூப் பார்க்கிறாங்க இல்லையா? "மேட் இன் பிரான்ஸ்" இல்லையேன்னு கவலைப்படாதீங்க. இப்போ பல நாட்டுல தைக்கிறாங்க. அதே மாதிரி "மேட் இன் பிரான்ஸ்"னு இருக்குங்கிறதும் ஒரு ஆதாரம் இல்லை. அச்சடிக்கிறவனுக்கு எந்த நாடும் ஒரே ரேட்தான்.

லாட்டா வாங்குறவங்களுக்கு இதைவிட நல்ல சோதனை ஒண்ணு இருக்கு, காசும் செலவில்லை. பத்து டேக்கையும் வரிசையா வச்சு பார்கோடுக்குக் கீழ இருக்கிற எண்ணைப் படிங்க. ஒழுங்கான கம்பெனியில சைஸ் மாறினாலும் கலர் மாறினாலும் அந்த எண் மாறியே ஆகணும். ஏன்னா பில் போடுற கவுண்டர்லயும் குடோன் கணக்குலயும் நீல மீடியமும் சிவப்பு லார்ஜும் வேற வேற சரக்கு. ஒரே எண் இருந்தா அவங்க ஸ்டாக்கே எடுக்க முடியாது. நான் அண்ணாச்சியையே படிக்கச் சொன்னேன். முதல் டேக் படிச்சார், ரெண்டாவது படிச்சார், மூணாவதுல நிறுத்திட்டு என்னைப் பார்த்தார். பத்துலயும் ஒரே எண். ஒரு டேக்கைப் படம் எடுத்து அதையே அச்சடிச்சிருக்காங்க.

முதலைப் பின்பக்கம் காட்டினப்போகூட "அப்படியா"ன்னுதான் கேட்டார். கடை வச்சிருக்கிறவருக்குப் பார்கோடு உடனே புரிஞ்சுது.

"சரி தம்பி, டூப்ளிகேட்தான். ஆனா ஊர்ல யாரு கேட்கப் போறா? எழுநூறுக்கு வித்தாலும் லாபம்தானே?" இதையும் கேட்டார். மறைக்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் மனசுல வர்ற கேள்விதான்.

1999-ம் வருஷ டிரேட் மார்க்ஸ் சட்டம் போலிச் சரக்கு தயாரிச்சவரை மட்டும் பிடிக்கிறதில்லை. விக்கிறவருக்குன்னு தனியா 104-வது பிரிவு இருக்கு. ஆறு மாசத்துலேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் சிறை, ஐம்பதாயிரத்துலேர்ந்து ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம். தகுந்த காரணம் இருந்தா கோர்ட் குறைக்கலாம். கடைக்காரருக்கு அதுல ஒரு வழியும் விட்டிருக்காங்க: எல்லா முன்ஜாக்கிரதையும் எடுத்தேன், சந்தேகப்பட எனக்குக் காரணமே இல்லை, யார்கிட்ட வாங்கினேன்ங்கிற விவரம் இதோ, அப்படின்னு நிரூபிக்கணும். அதுக்குக் கையில ஜி.எஸ்.டி. பில் வேணும். பார்கோடு பத்தும் ஒண்ணுன்னு உக்காந்து படிச்சதுக்கு அப்புறம் "எனக்குச் சந்தேகமே வரலை"ன்னு எப்படிச் சொல்வார்?

அண்ணாச்சி என் கடையில இருந்தே போன் போட்டார். "பிராண்ட் பேர் போட்டு, ஜி.எஸ்.டி. நம்பரோட பில் குடுப்பீங்களா?" அந்தப் பக்கம், "ஹோசியரி கார்மென்ட்ஸ்னு போட்டுத் தரேன்"னு பதில். பிராண்ட் பேர் வேணும்னதும் சிக்னல் சரியில்லை. பத்து பீஸையும் பார்சல் கட்டித் திருப்பி அனுப்பினார். நனைச்ச பீஸுக்கு 380 ரூபாய் அவர் கைக்காசு. அந்தச் சட்டை இப்போ என் கடையில உள்பக்கம் வெளிய தெரியத் தொங்குது, வர்றவங்களுக்குக் காட்டுறதுக்கு. 22,800-க்கும் அண்ணாச்சி பிராண்ட் இல்லாத பூக்கட்டுச் சட்டை எடுத்தார்.

பையைப் பத்திக் கேட்டவங்களுக்கு

கடையநல்லூர்லேர்ந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. இன்ஸ்டாகிராம்ல பழைய லூயி விட்டான் ஸ்பீடி பை, முப்பதாயிரம் சொல்றாங்க, அட்வான்ஸ் கேட்கிறாங்க, போட்டோ அனுப்பியிருக்காங்க. "ஒரு பக்கம் எல்.வி. எழுத்து தலைகீழா இருக்கு தம்பி, அப்போ டூப்ளிகேட்தானே?"

அக்கா, அது டூப்ளிகேட்டுக்கு அடையாளம் இல்லை. மோனோகிராம் ஸ்பீடியில கேன்வாஸ் ஒரே துண்டு. முன்பக்கத்துல இறங்கி, அடியைச் சுத்தி, பின்பக்கம் ஏறும். அடியில வெட்டி ஒட்டுறதில்லை. அதனால முன்னால நேரா இருக்கிற எழுத்து பின்னால தலைகீழாத்தான் வந்தாகணும். அந்த மாடல்ல ரெண்டு பக்கமும் நேரா இருந்தா அடியில ஒரு மூட்டு இருக்கும், அப்பதான் பயப்படணும். ஆனா நல்லாச் செய்யிற போலியிலயும் இதைச் சரியாப் பண்றாங்க. அதனால இது இருந்தா பாஸ்னு எடுத்துக்காதீங்க.

கைப்பிடித் தோலைப் பாருங்க. அது சாயம் போடாத இளம் நிறத் தோல். வெயிலும் கை எண்ணெயும் பட்டு வருஷக்கணக்குல தேன் நிறமா மாறும், கை பிடிக்கிற இடத்துல இன்னும் கருக்கும். "அஞ்சு வருஷம் யூஸ் பண்ணினது"ன்னு சொல்லிட்டு கைப்பிடி மட்டும் புதுசு மாதிரி வெளுத்து இருந்தா, ஒண்ணு கைப்பிடி மாத்தியிருக்காங்க, இல்லேன்னா அது தோலே இல்லை. கைப்பிடி பையோட சேர்ற இடத்துல இடப்பக்கத் தையலை எண்ணி, வலப்பக்கத்தையும் எண்ணுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும், இடைவெளியும் சமமா இருக்கணும். ஜிப் இழுப்பானையும் பூட்டையும் கையில வாங்கினா கனம் தெரியும், எழுத்து உலோகத்துக்குள்ள ஆழமா, ஓரம் கூர்மையா இருக்கும். முலாம் பூசின லேசான உலோகத்துல எழுத்து வழுவழுன்னு கரைஞ்ச மாதிரி இருக்கும். உள்ள லைனிங் பழுப்புப் பருத்தித் துணி. அங்க நைலான் பளபளப்போ பசை நாத்தமோ வந்தா பேச்சே வேண்டாம்.

பழைய பையில உள்ள ஒரு கோடு அடிச்சிருக்கும், ரெண்டு எழுத்தும் நாலு எண்ணும். 2007-லேர்ந்து வந்த பைகளுக்குக் கணக்கு இப்படி: முதல் எண்ணும் மூணாவது எண்ணும் சேர்ந்தா வாரம், ரெண்டாவதும் நாலாவதும் சேர்ந்தா வருஷம். 2099-னு இருந்தா 29-வது வாரம், 2009. அக்கா அனுப்பின போட்டோவுல 6170. முதலும் மூணாவதும் 67. வருஷத்துக்கு 52 வாரம்தானே அக்கா இருக்கு, மிஞ்சினா 53! 2007-க்கு முன்னால அதே இடத்துல மாசம் வரும், அந்தக் கணக்குக்கும் 67 ஒத்து வராது. 2021-லேர்ந்து இந்தக் கோடுக்குப் பதிலா உள்ள சிப் வைக்கிறாங்க, அதனால புதுப் பையில கோடு இல்லேன்னு சொன்னா அது பொய்யில்லை. கூடவே "ஒரிஜினாலிட்டி கார்டு" ஒண்ணு அனுப்பியிருக்காங்க பாருங்க, அப்படி ஒரு கார்டை லூயி விட்டான் குடுக்கிறதே இல்லை.

அக்காவுக்கு நேத்தே போன்ல சொல்லிட்டேன், அட்வான்ஸ் போடலை. அவங்க மச்சான் துபாய் கராமாவுல வாங்கிட்டு வந்த இன்னொரு பை இருக்காம், அதையும் கொண்டு வரட்டுமான்னு கேட்டாங்க. மச்சான் ஊர்ல இல்லாத நாளாப் பார்த்துக் கொண்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன்.

அடுத்த எபிசோட்ல சாயம் போற வேட்டிக்கரை பத்திப் பேசலாம்.